ஐந்தாவது தடவை சொன்னால்தான் கேட்கும் பிள்ளை: வற்றாப்பளையில் ஆறு தாய்மார் பழகிய முறை

வன்னியில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றித் தாய்மார் முறையிடும்போது ஒரே வசனம்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. “நாலு தரம் சொன்னாலும் கேளான், அஞ்சாந்தரம் கத்தினால்தான் அசைவான்.” இதைப் பிள்ளையின் குணம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். தகப்பனைப் போல பிடிவாதம், கிரக பலன், செல்லம் கூடிப்போச்சு என்று காரணங்களும் சொல்கிறோம். ஆனால் அந்த வசனத்திலேயே விடை இருக்கிறது. முதல் நான்கு தடவையும் அசையத் தேவையில்லை என்பதைப் பிள்ளை எங்கேயோ படித்திருக்கிறது. படிப்பித்தது வீடுதான்.

வற்றாப்பளையில் உளவளத்துணையாளர் ஒருவர் ஆறு தாய்மாரை வாரம் ஒரு நாள் கூட்டி, எட்டு வாரம் நடத்திய சிறு பயிற்சியில் அவர்களின் அனுமதியோடு நானும் இருந்தேன். முன்பள்ளி முடிந்த பிறகு, சின்னக் கதிரைகளைத் தள்ளிவிட்டுப் பாயில் இருந்துதான் கதைத்தார்கள். பிள்ளைகள் அங்கே வரவில்லை. பயிற்சி பெற்றோருக்கு மட்டும்தான். பிள்ளை எப்படி மாறவேண்டும் என்று அங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னும் சொன்ன பின்னும் தாய் என்ன செய்கிறாள் என்பது மட்டுமே பேசப்பட்டது.

பொறி எப்படி விழுகிறது

இந்த முறையின் அடித்தளத்தை அமைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜெரால்ட் பற்றர்சன். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1960களிலிருந்து வீடுகளுக்குள் போய், பெற்றோரும் பிள்ளையும் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டும் நிமிடங்களை வரிசையாகக் குறித்தார்கள். யார் என்ன சொன்னார், அடுத்தவர் என்ன செய்தார், அது எப்படி முடிந்தது என்பதுதான் அவர்கள் பார்த்தது. அதிலிருந்து அவர் கண்டதை 1982இல் புத்தகமாக எழுதினார். அவர் விளக்கியது ஒரு பொறி.

அதை எங்கள் வீட்டுக் குசினிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மாலை ஐந்தரை மணி. பிள்ளை போனில் கார்ட்டூன் பார்க்கிறான். தாய் அடுப்படியில் இருந்தபடி “போனை வச்சிட்டு வா, குளிக்கோணும்” என்கிறாள். அசைவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். கிட்ட வந்து போனைப் பிடுங்குகிறாள். பிள்ளை நிலத்தில் விழுந்து கத்துகிறான். பக்கத்து வளவுக்குக் கேட்கும், சோறு அடிப்பிடிக்கிறது, அவளுக்குக் களைப்பு. “சரி, இன்னும் பத்து நிமிசம்” என்று போனைத் திருப்பிக் கொடுக்கிறாள். கத்தல் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் பரிசு கிடைத்திருக்கிறது. கத்தினால் போன் வரும் என்பது பிள்ளைக்குக் கிடைத்த பாடம். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்பது தாய்க்குக் கிடைத்த பாடம். அடுத்த நாள் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, பூவரசந்தடியை எடுக்கிறாள். பிள்ளை உடனே எழும்பி ஓடுகிறான். இப்போதும் இரண்டு பேரும் ஒன்றைப் படிக்கிறார்கள். தடி எடுத்தால்தான் வேலை நடக்கும் என்று தாயும், தடி வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று பிள்ளையும். சில நாள் கத்தல் வெல்லும், சில நாள் தடி வெல்லும். வாரங்கள் போகப் போக இரண்டின் அளவும் கூடிக்கொண்டே போகும். எந்த ஒரு நாளிலும் யாரும் கெட்டவராக நடந்துகொள்ளவில்லை. ஆனால் வீடு முழுவதும் கத்தலால் ஓடும் வீடாகிவிடுகிறது.

பயிற்சியின் நோக்கம் இந்தப் பொறியின் முடிவை மாற்றுவது. கத்தலுக்கும் தடிக்கும் பலன் கிடைக்காமல், முதல் தடவை கேட்பதற்குப் பலன் கிடைக்கும்படி செய்வது.

முதல் வாரம்: எண்ணுவது மட்டும்

ஆறு பேரில் ஒருவரின் கதையை இங்கே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். 2009இல் அவருக்குப் பதினைந்து வயது. கணவர் மேசன் வேலைக்கு வெளியூர் போய் வாரக் கடைசியில் வருபவர். வீட்டில் இவரும், ஐந்து வயது மகனும், அம்மாவும். மகன் எதற்கெடுத்தாலும் “ஏலாது” என்பான்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எண்ணினால் போதும் என்றார் உளவளத்துணையாளர். ஒவ்வொரு தாயும் தனக்கு மிகவும் கரைச்சலான ஒரு மணித்தியாலத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். இவர் மாலை ஐந்து முதல் ஆறு வரை எடுத்தார். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், மகனுக்குச் சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கோடு, அது எப்படி முடிந்தது என்று பக்கத்தில் ஒரு அடையாளம்.

முதல் நாள் கணக்கு இது. ஒரு மணித்தியாலத்தில் 22 கட்டளைகள். முதல் தரமே கேட்டது 4. கத்திய பிறகு கேட்டது 7. அடித்த பிறகு கேட்டது 2. மீதி 9ஐ அவரே இடையில் கைவிட்டிருந்தார். அடுப்பைப் பார்க்கப் போய் மறந்தது, போன் வந்தது, அலுத்துப்போனது.

“அவன் கேக்கிறேல்ல எண்டுதான் வந்தனான். நான் இவ்வளவு சொல்லுறன் எண்டு தெரியேல்ல” என்றார். பிள்ளையின் பக்கமிருந்து இந்தக் கணக்கைப் பார்த்தால், அம்மாவின் 22 சொற்களில் 9ஐக் கேட்காவிட்டாலும் ஒன்றும் நடக்காது. எது அந்த ஒன்பதில் ஒன்று என்பது முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் பொறுத்துப் பார்க்கிறான்.

இரண்டாம் வாரம்: பத்து நிமிட விளையாட்டு

பலரும் இந்த இடத்தில் தண்டனை முறை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது விளையாட்டு. இந்த ஒழுங்கு பழையது. ஒரிகனில் கொன்ஸ்ரன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் பயிற்சியை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதலில் உறவு, பிறகு கட்டளை. அவரைப் பின்பற்றி ஷீலா ஐபேர்க் போன்றவர்கள் உருவாக்கிய முறைகளும் அதே வரிசையில்தான் போகின்றன. நாள் முழுக்க ஏச்சு மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு அம்மாவின் பாராட்டுக்குப் பெறுமதி இல்லை. அந்தப் பெறுமதியை முதலில் உண்டாக்கினால்தான் பின்னால் வருவது வேலை செய்யும்.

முறை எளிது, செய்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், போன் இல்லாமல், பிள்ளை தெரிவுசெய்யும் விளையாட்டு. அந்த நேரத்தில் மூன்று விடயங்கள் கூடாது. கட்டளை கூடாது, கேள்வி கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை செய்வதைப் பார்த்து அதையே சொல்ல வேண்டும். “புளியங்கொட்டையை வட்டமா அடுக்குறாய்.” “இப்ப லொறி மண் ஏத்துது.” அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்லலாம், அவன் செய்வதைப் போலத் தானும் செய்யலாம்.

கேள்வி ஏன் கூடாது என்று ஒரு தாய் கேட்டார். “இது என்ன நிறம்? இதில எத்தினை இருக்கு?” என்று தொடங்கினால் விளையாட்டு ரியூசனாகிவிடும், பிள்ளையிடமிருந்து நாங்கள் அதைப் பறித்துவிடுவோம் என்பது பதில். எங்கள் தாய்மாருக்கு இதுதான் ஆகக் கூடிய கஷ்டமாக இருந்தது. இரண்டாம் நாளே இவர் வாயில் “எண்ணிக் காட்டு பாப்பம்” என்று வந்துவிட்டதாம். இன்னொரு விடயம், இந்தப் பத்து நிமிடத்தைத் தண்டனையாக நிறுத்தக் கூடாது. அன்று எவ்வளவு குழப்படி செய்திருந்தாலும் அது பிள்ளைக்குரியது.

மூன்றாம் வாரம்: எதைப் பாராட்டுவது

இதற்குத்தான் கூடுதல் எதிர்ப்பு வந்தது. “முகத்துக்கு நேர புகழ்ந்தால் தலையில ஏறிடும்”, “கண்ணூறு பட்டிடும்.” பிள்ளையின் அழகையோ கெட்டித்தனத்தையோ புகழச் சொல்லவில்லை என்று விளக்கப்பட்டது. செய்த செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், செய்த உடனேயே. “நல்ல பிள்ளை” என்றால் எதற்காக என்று ஐந்து வயதுக்கு விளங்காது. “சொன்ன உடனே செருப்பைக் கழட்டி வச்சிட்டாய், எனக்குச் சந்தோசம்” என்றால் விளங்கும்.

பாராட்டோடு சேர்ந்து வருவது அதன் மறுபக்கம். சிணுங்கல், நச்சரிப்பு, முணுமுணுப்பு போன்ற ஆபத்தில்லாத குழப்படிகளுக்கு முகமும் சொல்லும் கொடுக்காமல் இருப்பது. ஏச்சும் ஒரு கவனிப்புத்தான். கவனிப்பு வேறு வழியில் கிடைக்காத பிள்ளை ஏச்சையாவது வாங்கும். சிணுங்கல் நின்ற அந்தக் கணத்திலேயே திரும்பிப் பார்த்துக் கதைக்க வேண்டும். இதற்கு ஒரு எல்லை உண்டு. பயந்து அழுகிற பிள்ளையை, நோவில் அழுகிற பிள்ளையை, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துகிற பிள்ளையைக் கவனியாமல் விடக் கூடாது.

நான்காம் வாரம்: கட்டளையைச் செப்பனிடுதல்

22 கட்டளைகளைக் குறைப்பது முதல் வேலை. சொன்னால் கடைசிவரை பின்தொடர முடியுமா என்று யோசித்து, முடியாததைச் சொல்லாமலே விடுவது. சொல்கிறதைச் சொல்லும் விதமும் மாறவேண்டும். குசினியிலிருந்து கத்தாமல் பிள்ளைக்குக் கிட்டப் போய், பெயர் சொல்லி, முகம் பார்த்தபின் சொல்வது. ஒரு நேரத்தில் ஒன்று. “குழப்படி செய்யாத” என்பதில் எதைச் செய்வது என்று இல்லை. “தண்ணிக் கோப்பையை மேசையில வை” என்பதில் இருக்கிறது. “குளிப்பமா?” என்று கேட்டால் “இல்லை” என்பதும் நியாயமான பதில். ஆகவே தெரிவு இல்லாத இடத்தில் கேள்வி வேண்டாம்.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அந்த ஐந்து விநாடிக்குள் நாங்கள் மறுபடி சொல்லிவிடுவதால்தான் பிள்ளைக்கு அசைய நேரமே கிடைப்பதில்லை. அசையத் தொடங்கினால் உடனே பாராட்டு. அசையாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை: “இப்ப போனைத் தராட்டி நாளைக்குப் பின்னேரம் போன் இல்லை.” மறுபடி ஐந்து விநாடி. அதற்கும் கேட்காவிட்டால் சொன்னது நடக்க வேண்டும், ஏச்சில்லாமல்.

எச்சரிக்கை சிறிதாகவும் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பாயில் இருந்தவர்கள் தாங்கள் வழக்கமாகச் சொல்லும் மிரட்டல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். “விட்டிட்டுப் போயிடுவன்.” “பொலிசிட்டப் பிடிச்சுக் குடுப்பன்.” “ஆமி வந்து கொண்டுபோகும்.” கடைசியைச் சொன்னவர் சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். அவரின் அண்ணன் இன்னும் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். இந்த மிரட்டல்கள் நடக்கப்போவதில்லை என்பதைப் பிள்ளை விரைவில் கண்டுபிடித்துவிடும். அதுவரைக்கும் அதற்குக் கிடைப்பது பயம் மட்டும்.

அடித்தல், கடித்தல், கல்லெறிதல் போன்றவற்றுக்கு மட்டும் கடைசி வழியாக அமைதி நேரம். எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில், விறாந்தைக் கதிரையில், மூன்று முதல் ஐந்து நிமிடம். அறைக்குள் பூட்டுவதோ இருட்டில் விடுவதோ முழந்தாளில் நிறுத்துவதோ இல்லை. நேரம் முடிந்ததும் உபதேசம் வேண்டாம். முதலில் சொன்ன வேலையை மறுபடி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கதிரையில் இருந்து வேலையிலிருந்து தப்பலாம் என்று பிள்ளை கணக்குப் போடும்.

ஐந்தாம் வாரம்: கூடிய பிறகே குறையும்

இந்த முறை பிழைத்துப்போவது இந்த இடத்தில்தான். போன் விடயத்தில் உறுதியாக நின்ற முதல் மூன்று நாளும் மகன் முன்னரைவிடக் கூடுதலாகக் கத்தினான். இரண்டாம் நாள் அரை மணித்தியாலம். பழகிய வழி திடீரென்று வேலை செய்யாவிட்டால், விடுவதற்கு முன் ஒருமுறை முழுப் பலத்தோடு முயல்வது மனித இயல்பு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாங்களும் இன்னும் கூடத் திறந்துதான் பார்ப்போம். அந்த நேரம் விட்டுக்கொடுத்தால், அரை மணித்தியாலம் கத்தினால் கிடைக்கும் என்ற புதுப் பாடம் பதிந்துவிடும். பொறுக்க முடியாது என்று தெரிந்தால் அந்த விடயத்தை அன்று தொடங்காமலே விடுவது நல்லது.

மூன்றாம் நாள் உடைத்தது அம்மம்மா. பேரன் அழுவது தாங்காமல் மறைவாக பிஸ்கற் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்துக்கு அம்மம்மாவையும் கூட்டி வரச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். “அந்த நேரம் ‘படு’ எண்டால் பிள்ளையள் அந்த இடத்திலேயே படுக்கோணும். ரெண்டாந்தரம் சொல்ல நேரமில்லை. அப்ப கத்திக் கத்தித்தான் இவையளை வச்சிருந்தனான்.” யாரும் எதுவும் பேசவில்லை. பதுங்குகுழி வாசலில் உயிரைக் காத்த குரல் அது. அந்தக் குரலில் வளர்ந்த மகள், குளிக்க வராத ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே குரலை எடுக்கிறாள். வேறு குரல் அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு அம்மம்மாவுக்கென்று ஒரு வேலை கொடுக்கப்பட்டது. மகன் அழுது ஓய்ந்தபின் முதலில் போய்க் கதைப்பவர் அவர்தான். அழும்போது போவதில்லை. வாரக் கடைசியில் வரும் தகப்பனுக்கும் இரண்டே விடயங்கள் சொல்லப்பட்டன. பத்து நிமிட விளையாட்டு, அம்மா “இல்லை” என்றதை “ஓம்” ஆக்காமல் விடுதல்.

எட்டாம் வாரம் அதே ஐந்து மணிக் கணக்கை மறுபடி எடுத்தார். கட்டளைகள் 9. முதல் தரமே கேட்டது 6. எச்சரிக்கைக்குப் பிறகு 2. ஒன்றுக்குப் போன் மறுநாள் நிறுத்தப்பட்டது. அடி இல்லை. காலையில் முன்பள்ளிக்கு வெளிக்கிடும் நேரம் இன்னும் சண்டைதான், அதை அடுத்ததாக எடுக்கப்போவதாகச் சொன்னார். ஆரோக்கியமான ஐந்து வயதுப் பிள்ளை எதுவும் பத்துக்குப் பத்தும் கேட்பதில்லை. சில “ஏலாது”கள் வளர்ச்சியின் பகுதி.

இந்த முறை எட்டாத இடங்கள்

சொல்வது கேட்காத பிள்ளைக்கு உண்மையில் காது கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி காதில் சீழ் வடிவது, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாதது, பேச்சு வயதுக்கேற்ப வராதது ஆகியவை இருந்தால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பெயர் சொல்லியும் முகம் பார்க்காத, மற்றப் பிள்ளைகளோடு சேராத பிள்ளைக்கு வேறு மதிப்பீடு தேவை. திடீரென்று மாறிப்போன பிள்ளை, இரவில் அலறி எழும்பும் பிள்ளை, முன்பு விட்டிருந்த படுக்கையில் சிறுநீர் கழித்தல் திரும்பிய பிள்ளை, ஒரு குறிப்பிட்ட ஆளிடம் போக மறுக்கும் பிள்ளை ஆகியோரின் அடத்தைக் குழப்படி என்று எடுக்கவே கூடாது. அங்கே என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

சில வீடுகளில் முதலில் உதவி தேவைப்படுவது பெரியவர்களுக்கு. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கிளவுடியா கற்றானியும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. பிள்ளைகள் வீட்டில் அனுபவித்த வன்முறையோடு தொடர்புபட்டிருந்தவை தகப்பனின் குடியும் முந்தைய யுத்த அனுபவங்களும் என்று அது காட்டியது. குடித்துவிட்டு அடிக்கும் ஆள் இருக்கும் வீட்டில், நித்திரை இல்லாமல் மனம் சோர்ந்துபோன தாயிடம், ஐந்து விநாடி எண்ணுங்கள் என்று சொல்வதில் பலன் குறைவு. முதலில் அந்த வன்முறையும் சோர்வும் கவனிக்கப்பட வேண்டும்.

வழி தெரியாதவர்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கும் சிறுவர் விடயங்களுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

தனியே தொடங்க விரும்புபவர்கள் எட்டு வாரத்தையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்தைத் தெரிவுசெய்து, ஒரு வாரம் எண்ணுங்கள். எத்தனை தரம் சொல்கிறீர்கள், எத்தனையை நீங்களே கைவிடுகிறீர்கள் என்ற இரண்டு இலக்கமும் கலண்டர்த் தாளில் விழுந்தபின், எதை முதலில் குறைப்பது என்று அந்தத் தாளே காட்டும்.